கார்டின் முதல் எண்களை வைத்து ஸ்விட்ச் வங்கியைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: "கடையில் கார்டைச் செருகி ரெண்டு மூணு நொடியில் அப்ரூவ்டு என்று வந்துவிடுகிறது. கார்டு நம்பரின் முதல் 6 எண்ணில் வங்கியின் பெயர் ஒளிந்திருக்கிறது, அதைப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள் என்று நண்பர் சொல்கிறார். அப்படியென்றால் என் வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்த பிறகும் பழைய கார்டு எப்படி வேலை செய்தது? தம்பியின் கார்டுக்கு ஒரு கடையில் மட்டும் INVALID CARD என்று வருகிறது, பக்கத்துக் கடையில் ஓடுகிறது. அதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தம் உண்டா?"

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. முதல் எண்களைப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அந்த எண்களுக்குள் வங்கியின் பெயர் எதுவும் இல்லை. அவை ஒரு அட்டவணையில் தேடுவதற்கான சாவி, அவ்வளவுதான். எந்த வங்கிக்கு, எந்த லைன் வழியாக அனுப்புவது என்பதெல்லாம் அட்டவணையில்தான் எழுதியிருக்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உங்கள் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். கடைகளுக்கு கார்டு இயந்திரம் கொடுக்கும் வங்கித் தரப்பில், பரிவர்த்தனைகளை உரிய இடத்துக்குத் திருப்பிவிடும் ஸ்விட்ச் என்ற கணினி அமைப்பைக் கவனிக்கும் குழுவில் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் எண்ணின் அமைப்பு. ஐஎஸ்ஓ 7812 என்ற தரநிலைதான் இதற்கு அடிப்படை. கார்டு எண்ணின் தொடக்கத்தில் இருப்பது வங்கி அடையாள எண். நடுவில் இருப்பது வங்கி தன் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் எண். கடைசி ஒரு இலக்கம் சரிபார்ப்புக்கானது. வங்கி அடையாள எண் பல காலமாக 6 இலக்கமாக இருந்தது. வங்கிகளும் கார்டு வகைகளும் பெருகி 6 இலக்கம் போதாமல் போனதால், 2017இல் வந்த பதிப்பில் அதை 8 இலக்கமாக்கினார்கள். விசாவும் மாஸ்டர்கார்டும் 2022 ஏப்ரலிலிருந்து 8 இலக்கத்துக்கு மாறின. கார்டு எண்ணின் மொத்த நீளம் மாறவில்லை, அது அதே 16தான். வங்கி அடையாளம் இரண்டு இலக்கம் நீண்டதால் நடுப்பகுதி இரண்டு இலக்கம் குறுகியது. உங்கள் தம்பியின் பிரச்சினைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கக்கூடும். பிறகு வருகிறேன்.

கடைசி இலக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மென்பொருள் சோதிப்பவர்கள் எல்லோரும் பயன்படுத்தும் 4111 1111 1111 1111 என்ற சோதனை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வலமிருந்து ஒன்று விட்டு ஒன்றாக வரும் இலக்கங்களை, அதாவது இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று எடுத்து, இரட்டிப்பாக்க வேண்டும். ஏழு ஒன்றுகள் இரட்டித்தால் 14. முதலில் நிற்கும் 4 இரட்டித்தால் 8. ஆக 22. தொடாமல் விட்ட எட்டு ஒன்றுகளையும் சேர்த்தால் 30. பத்தால் மீதியின்றி வகுபடுகிறது, எனவே எண் ஒழுங்காக இருக்கிறது. இரட்டிக்கும்போது 9-ஐத் தாண்டினால் 9-ஐக் கழித்துக்கொள்ள வேண்டும். இந்த எண்ணில் அதற்கு வேலை வரவில்லை. ஆன்லைனில் எண்ணைத் தட்டும்போது ஒரு இலக்கம் தப்பினால் வலைப்பக்கமே உடனே சொல்லிவிடுகிறதே, அது இந்தக் கணக்கால்தான். இதனால் தட்டச்சுப் பிழைதான் பிடிபடும். அப்படி ஒரு கார்டு உண்மையில் இருக்கிறதா, எந்த வங்கியுடையது என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குத் தெரியாது.

சரி, இப்போது வழிக்கு வருவோம். கடையின் இயந்திரம் உங்கள் வங்கியோடு நேராகப் பேசுவதில்லை. இயந்திரத்தைக் கொடுத்த வங்கியின் ஸ்விட்ச்சோடுதான் பேசுகிறது. அதைக் கடைக்கார வங்கி என்று வைத்துக்கொள்வோம். கார்டு கொடுத்த வங்கியை வழங்கிய வங்கி என்போம். இரண்டுக்கும் நடுவே விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க்கின் ஸ்விட்ச் இருக்கிறது. ரூபேயை நடத்துவது என்பிசிஐ. முதல் எண்களைக் கடைக்கார வங்கியும் பார்க்கிறது, நெட்வொர்க்கும் பார்க்கிறது. ஆனால் இருவரும் கேட்கும் கேள்வி வேறு. இதைத்தான் பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கடைக்கார வங்கியின் ஸ்விட்ச் முதலில் கேட்பது, "இது நம்ம கார்டா?" என்று. ஒரே வங்கியின் கார்டை அதே வங்கியின் இயந்திரத்தில் செருகினால் வெளியே போகவே வேண்டாம், வீட்டுக்குள்ளேயே முடித்துவிடலாம். நெட்வொர்க்குக்குக் கொடுக்க வேண்டிய கட்டணம் மிச்சம். அதனால் ஒவ்வொரு வங்கியும் தன் சொந்தக் கார்டுகளின் முன் எண்களைத் தனி அட்டவணையாக வைத்திருக்கும். அதில் இல்லையென்றால்தான் அடுத்த கேள்வி: எந்த நெட்வொர்க்? இந்த முடிவுக்கு முழு வங்கி அடையாள எண்ணும் தேவையில்லை. 4 என்று தொடங்கினால் விசா. 51 முதல் 55 வரை மாஸ்டர்கார்டு. 34, 37 என்றால் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்.

ஆனால் எல்லாம் இவ்வளவு நேராக இல்லை. 6 என்று தொடங்கும் கார்டு ரூபேயாக இருக்கலாம், பழைய மாஸ்ட்ரோவாக இருக்கலாம், வெளிநாட்டு டிஸ்கவராகவும் இருக்கலாம். ரூபேயிலேயே 60, 65, 81, 82, 508 என்று பல தொடக்கங்கள் உண்டு. மாஸ்டர்கார்டும் 5-ஆம் வரிசை தீர்ந்துவருவதைப் பார்த்து 2221 முதல் 2720 வரை புதிய வரிசையைத் திறந்தது. 2 என்று தொடங்கும் அந்தக் கார்டுகள் வந்த புதிதில், "5 என்றால்தான் மாஸ்டர்கார்டு" என்று மென்பொருளில் எழுதி வைத்திருந்த இடங்களில் எல்லாம் அவை திரும்பி வந்தன. கார்டில் குறையில்லை, வங்கியிலும் குறையில்லை. வழியில் ஒரு மென்பொருளில் இருந்த ஒற்றை வரிதான் காரணம்.

ஏடிஎம்முக்கு வழி வேறாக இருக்கலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே விசா டெபிட் கார்டு, கடையில் செருகினால் விசா வழியாகப் போகும். வேறொரு இந்திய வங்கியின் ஏடிஎம்மில் போட்டால் பெரும்பாலும் என்பிசிஐ நடத்தும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஸ்விட்ச் வழியாகப் போகும். ஏடிஎம் வைத்திருக்கும் வங்கியின் ஸ்விட்ச், உள்நாட்டு வங்கிகளின் முன் எண்கள் அடங்கிய பட்டியலை முதலில் பார்ப்பதால் அப்படி. எண் அதேதான், பார்க்கும் அட்டவணை வேறு, அதனால் வழியும் வேறு.

அடுத்து நெட்வொர்க்கின் ஸ்விட்ச். இதற்கு "யாருடைய நெட்வொர்க்" என்ற கேள்வி இல்லை, வந்ததெல்லாம் தன்னுடையதுதான். இது கேட்பது, "இந்த எண் எந்த ரேஞ்சுக்குள் விழுகிறது?" என்று. வங்கி அடையாள எண்ணை மட்டும் வெட்டி எடுத்துத் தேடுகிறார்கள் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நடைமுறையில் முழு எண்ணையும் எடுத்து, தொடக்கம்-முடிவு என்ற இரண்டு எல்லைகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வங்கிகள் ஒரே அடையாள எண்ணுக்குள்ளேயே ஒரு பகுதியை ஒரு வகைக் கார்டுக்கும் இன்னொரு பகுதியை வேறு வகைக்கும் ஒதுக்குவது உண்டு என்பதால் இப்படி. எங்கள் அலுவலகத்தில் இதை ரேஞ்ச் டேபிள் என்போம். விளங்குவதற்காக ஒரு கற்பனை டேபிள் தருகிறேன். மேலே சொன்ன சோதனை எண்ணின் வரிசையையே பயன்படுத்துகிறேன், வங்கிகளுக்குப் பெயர் கொடுக்கவில்லை.

```
LOW               HIGH              DEST
4111110000000000  4111114999999999  BANK_A
4111115000000000  4111115999999999  BANK_B
4111116000000000  4111119999999999  BANK_A
```

4111 1111 1111 1111 வருகிறது. முதல் வரியின் இரு எல்லைகளுக்குள் விழுகிறது, BANK_A-க்குப் போகிறது. அடுத்து 4111 1155 என்று தொடங்கும் ஒரு கார்டு வருகிறது. முதல் 6 இலக்கம் அதே 411111தான். ஆனால் இது இரண்டாவது வரிக்குள் விழுகிறது, எனவே BANK_B-க்குப் போக வேண்டும். 6 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும் ஸ்விட்ச்சுக்கு இந்த இரண்டு கார்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வரியிலும் போக வேண்டிய இடம் மட்டும் இருப்பதில்லை. டெபிட்டா கிரெடிட்டா, எந்த நாட்டில் வழங்கியது, எண்ணின் நீளம் என்ன, வங்கி பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அதே வரியிலிருந்து கிளைவிடும். உங்கள் ரகசிய எண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. கடையில் நீங்கள் தட்டிய ரகசிய எண் பூட்டப்பட்ட நிலையில்தான் பயணிக்கிறது. கடைக்கார வங்கிக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவே ஒரு சாவி, நெட்வொர்க்குக்கும் வழங்கிய வங்கிக்கும் நடுவே வேறு சாவி. நடுவில் நிற்கும் நெட்வொர்க், பாதுகாப்புப் பெட்டி போன்ற ஒரு தனிக் கருவிக்குள் பழைய பூட்டைக் கழற்றி, அங்கேயே புதிய பூட்டைப் போட்டு அனுப்புகிறது. எந்த வங்கி என்று தெரிந்தால்தானே எந்தச் சாவி என்று தெரியும்? அதனால் டேபிள் தேடல் முடியாமல் ரகசிய எண்ணை நகர்த்தவே முடியாது.

தேடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? கிட்டத்தட்ட நேரமே ஆகாது. டேபிள் வரிசைப்படுத்தப்பட்டு கணினியின் நினைவகத்தில் தயாராக இருக்கும். நடுவில் பிளந்து, எந்தப் பாதி என்று பார்த்து, அந்தப் பாதியை மீண்டும் பிளந்து என்று போனால் ஒரு லட்சம் வரிகள் இருந்தாலும் 17 ஒப்பீட்டுக்குள் ஆள் அகப்பட்டுவிடும். நீங்கள் காத்திருக்கும் அந்த ரெண்டு மூணு நொடியில் பெரும்பகுதி கார்டின் சிப்பும் இயந்திரமும் பேசிக்கொள்வதற்கும், தொலைபேசி சிம் வழியாகத் தகவல் போவதற்கும், வழங்கிய வங்கி உங்கள் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும்தான் போகிறது.

போகும் தகவலின் வடிவம் ஐஎஸ்ஓ 8583 என்ற தரநிலைப்படி இருக்கும். அனுமதி கேட்கும் தகவலின் வகை எண் `0100` அல்லது `0200`. அதற்கு வரும் பதில் `0110` அல்லது `0210`. கார்டு எண் இரண்டாவது புலத்தில், தொகை நான்காவதில், முடிவு முப்பத்தொன்பதாவதில். திரும்பும் வழியை ஸ்விட்ச் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, ஆனால் அது கேட்க வேண்டிய கேள்வி. திரும்பி வரும்போது கார்டு எண்ணை யாரும் தேடுவதில்லை. கார்டு எண் வழங்கிய வங்கியைத்தான் காட்டும், கடையைக் காட்டாது. எனவே ஸ்விட்ச் ஒவ்வொரு கேள்வியையும் அனுப்பும்போதே "இது இந்த லைனிலிருந்து வந்தது" என்று குறித்து வைத்துக்கொள்கிறது. பதில் வந்ததும் வரிசை எண், நேரம், அனுப்பிய வங்கியின் அடையாளம் ஆகியவற்றை ஒப்பிட்டு, குறிப்பைத் தேடி, வந்த வழியே திருப்பி விடுகிறது. பதில் நேரம் கடந்து வந்தால் அந்தக் குறிப்பு முடித்து வைக்கப்பட்டிருக்கும். வங்கி பணத்தைக் கழித்துவிட்டது, கடையில் தோல்வி என்று வந்தது என்கிற நிலை இப்படித்தான் உருவாகிறது. அதைச் சரிசெய்ய `0420` என்ற ரத்துத் தகவல் பின்னாலேயே போகும். போய்ச் சேர்ந்தால் பணம் தானாகத் திரும்பும்.

இப்போது வங்கி இணைப்பு பற்றிய உங்கள் கேள்வி. 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி, சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு இணைந்தது. சட்டப்படி அன்றே அலகாபாத் வங்கி என்று ஒன்று இல்லை. ஆனால் மக்கள் பர்ஸில் இருந்த கார்டுகளில் பழைய பெயரும் பழைய எண்ணும்தான். இதுபோன்ற இணைப்புகளில் நடப்பது இதுதான்: கார்டு எண்ணைத் தொட வேண்டியதே இல்லை. இணைப்பு நடந்த அன்று எதுவும் மாறாது, பழைய வங்கியின் கணினி அமைப்பு தொடர்ந்து ஓடும், பழைய ரேஞ்சுகள் பழைய இடத்துக்கே போகும். பிறகு ஒருநாள் கணக்குகளையெல்லாம் புதிய வங்கியின் அமைப்புக்கு மாற்றுவார்கள். அந்த இரவில் டேபிளில் அந்த ரேஞ்சுகளுக்கு எதிரே இருக்கும் இடத்தை மட்டும் புதிய வங்கியின் லைனுக்கு மாற்றினால் போதும். மறுநாள் காலை அதே கார்டு, அதே எண், அதே கடை. கேள்வி மட்டும் வேறு கட்டடத்தில் இருக்கும் கணினிக்குப் போய்ச் சேரும்.

செல்போன் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் சென்னையில் 94440 என்று தொடங்கினால் பிஎஸ்என்எல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 2011இல் எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி நாடு முழுக்க வந்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது. அழைப்பை யாரிடம் அனுப்புவது என்பது ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். செல்போனில் ஒவ்வொரு எண்ணாக மாறலாம், கார்டில் ரேஞ்சு ரேஞ்சாகத்தான் மாற்றுகிறார்கள். அதனால் உங்கள் ஒருவரின் கார்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு வங்கிக்குப் போக முடியாது.

அந்த மாற்ற இரவுகளை ஸ்விட்ச் குழுக்காரர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. நெட்வொர்க்கின் டேபிளில் மாற்றினால் மட்டும் போதாது. புதிய வங்கியின் ஸ்விட்ச், "இந்த முன் எண்களும் இனி நம்முடையவை" என்று ஏற்க வேண்டும். அதன் இயந்திரங்களில் இந்தக் கார்டைச் செருகினால் வெளியே அனுப்பாமல் உள்ளேயே முடிக்க வேண்டும். பழைய கார்டுகளின் ரகசிய எண்ணையும் சிப்பையும் சரிபார்க்கும் சாவிகள் புதிய இடத்துக்குப் பத்திரமாக வந்திருக்க வேண்டும். வழி சரியாக இருந்து சாவி வராமல் போனால் எல்லோருக்கும் "ரகசிய எண் தவறு" என்று வரும். வாடிக்கையாளர் தான்தான் மறந்துவிட்டோம் என்று நினைத்து மூன்று முறை தட்டிப் பார்த்துக் கார்டையே முடக்கிக்கொள்வார். அதனால்தான் இத்தகைய மாற்றங்களை வார இறுதி நள்ளிரவில், முன்கூட்டி அறிவித்துவிட்டுச் செய்கிறார்கள்.

தம்பியின் கார்டுக்கு வருவோம். ஒரு கடையில் மட்டும் INVALID CARD, பக்கத்துக் கடையில் ஓடுகிறது என்ற அந்த ஒரு தகவல் மிக முக்கியம். பக்கத்துக் கடையில் ஓடுகிறது என்றால் கார்டு உயிரோடு இருக்கிறது, வழங்கிய வங்கி பதில் சொல்கிறது, நெட்வொர்க்கின் டேபிளிலும் ரேஞ்ச் இருக்கிறது. இதுவரை உறுதி. எஞ்சியிருப்பது அந்த ஒரு கடையின் இயந்திரமும் அதன் பின்னால் இருக்கும் கடைக்கார வங்கியும். இனி சொல்வது வாய்ப்புகள், தீர்ப்பல்ல.

மேலே கொடுத்த டேபிளுக்குத் திரும்புங்கள். அந்தக் கடையின் இயந்திரம் BANK_A கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் 411111 என்ற 6 இலக்கம் முழுவதும் BANK_A-வுடையதாக இருந்தது. 8 இலக்கமானதும் அந்த ஒன்று 41111100 முதல் 41111199 வரை நூறு அடையாள எண்களாகப் பிரிந்தது. அதில் 41111150 முதல் 41111159 வரை பத்தை அது பயன்படுத்தவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டது, நெட்வொர்க் அவற்றை BANK_B-க்கு ஒதுக்கியது. ஆனால் BANK_A-வின் சொந்த அட்டவணையில் "411111 என்றால் நம்ம கார்டு" என்ற பழைய 6 இலக்க வரி மாற்றாமல் கிடக்கிறது. தம்பியின் கார்டு 41111155 என்று தொடங்குகிறது. BANK_A-வின் ஸ்விட்ச் முதல் 6-ஐப் பார்த்து, நம்ம கார்டு என்று முடிவெடுத்து, வெளியே அனுப்பாமல் தன் கணக்குகளிலேயே தேடுகிறது. அப்படி ஒரு கார்டு அங்கே இல்லை. பதில் `14`, அதாவது தவறான கார்டு எண். பக்கத்துக் கடையின் இயந்திரம் வேறு வங்கியுடையது. அது 4 என்று பார்த்து விசாவுக்கு அனுப்புகிறது, விசா ரேஞ்சைப் பார்த்து BANK_B-க்கு அனுப்புகிறது, `00` என்று அனுமதி வருகிறது. தம்பியின் வங்கிக்கு முதல் கடையில் நடந்த முயற்சி தெரியவே தெரியாது. அங்கே புகார் கொடுத்தால், "எங்களுக்கு அப்படி ஒரு பரிவர்த்தனையே வரவில்லையே" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அந்தக் கடையில் தோல்வியுற்ற உடனே தம்பிக்கு வங்கியிடமிருந்து மறுப்புக் குறுஞ்செய்தி வந்ததா என்று பாருங்கள். வந்தால் கேள்வி வங்கி வரை போயிருக்கிறது, வழி சரி, மறுத்தது வங்கி. வரவில்லையென்றால் நடுவிலேயே நின்றிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் எல்லா வங்கியும் எல்லா மறுப்புக்கும் செய்தி அனுப்புவதில்லை, அதனால் செய்தி வராததை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அடுத்து, அதே வங்கியின் இயந்திரம் வைத்திருக்கும் வேறொரு கடையில் முயன்று பாருங்கள். அங்கும் அதே பதில் என்றால் கடைக்கார வங்கியின் அட்டவணைமேல் சந்தேகம் வலுக்கிறது. அங்கே ஓடிவிட்டால் முதல் கடையின் இயந்திரத்திலேயே கோளாறு. சிப் படிக்கும் பகுதி அழுக்கடைந்திருப்பது, மென்பொருள் பழையதாக இருப்பது எல்லாம் சாதாரணம்.

பதில் குறியீடு கிடைத்தால் இன்னும் தெளிவாகும். `14` வந்தால் கேள்வி ஏதோ ஒரு வங்கியைப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அங்கே அந்தக் கார்டு இல்லை. `15` என்றால் அப்படியொரு வழங்கிய வங்கியே டேபிளில் இல்லை. `92` என்றால் வழியே கிடைக்கவில்லை. `91` முற்றிலும் வேறு: வழி தெரிந்தது, ஆனால் வங்கியின் பக்கம் யாரும் எடுக்கவில்லை. `91`-ஐப் பார்த்துவிட்டு எண்ணில் கோளாறு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது எண்ணின் வேலை முடிந்த பிறகு வரும் தோல்வி, சிறிது நேரம் கழித்து முயன்றால் பெரும்பாலும் போய்விடும். சில சமயம் வங்கி பேசாவிட்டாலும், அது முன்பே அனுமதித்து வைத்த வரம்புக்குள் இருந்தால், நெட்வொர்க்கே வங்கியின் சார்பில் முடிவு சொல்லும் ஏற்பாடும் உண்டு. இந்தக் குறியீடுகள் தரநிலையில் இருப்பவை. ஆனால் கடை இயந்திரத்தின் திரையில் அவற்றை என்ன வாசகமாகக் காட்டுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எழுதிக்கொள்கிறது. INVALID CARD என்ற வாசகத்துக்குப் பின்னால் `14` இருந்ததா வேறேதாவதா என்பது திரையைப் பார்த்துத் தெரியாது, சீட்டிலோ கடைக்கார வங்கியின் பதிவிலோதான் தெரியும்.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் முதல் எண்களை வைத்துத் துப்பறிய முயல்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். போனைத் தட்டிப் பணம் கொடுக்கும்போதோ, ஆன்லைன் கடையில் சேமித்து வைத்த கார்டில் வாங்கும்போதோ போவது உங்கள் கார்டு எண்ணே இல்லை. அதற்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்று எண் போகிறது. இந்தியாவில் 2022 அக்டோபர் 1 முதல் ஆன்லைன் கடைகள் உண்மைக் கார்டு எண்ணைத் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. டோக்கனும் பார்க்க 16 இலக்கக் கார்டு எண் போலவே இருக்கும், சரிபார்ப்பு இலக்கம்கூடப் பொருந்தும். ஆனால் அதன் முன் எண்கள் டோக்கனுக்கென்றே ஒதுக்கிய ரேஞ்சில் இருக்கும். கடைக்கார வங்கிக்கு இதில் வேலை மாறாது: 4 என்றால் விசா, அனுப்பிவிடு. நெட்வொர்க்கின் டேபிள், இது டோக்கன் ரேஞ்ச் என்று கண்டு, முதலில் பெட்டகத்தில் பார்த்து உண்மை எண்ணை எடுக்கிறது. பிறகு அந்த உண்மை எண்ணுக்கு மறுபடியும் ரேஞ்ச் தேடி வங்கிக்கு அனுப்புகிறது. போனைத் தட்டி வாங்கிய சீட்டில் கடைசி நான்கு எண்கள் உங்கள் கார்டோடு பொருந்தாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மோசடி என்று பயப்பட வேண்டாம், அது டோக்கனின் கடைசி நான்கு எண்கள்.

இணையத்தில் முதல் 6 எண்ணைப் போட்டால் வங்கியைச் சொல்லும் தளங்கள் பல இருக்கின்றன. அவற்றை உத்தேசத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். உண்மையான ரேஞ்ச் டேபிளை நெட்வொர்க்குகள் தங்கள் உறுப்பினர் நிறுவனங்களுக்கு மட்டும் கொடுத்து அடிக்கடி புதுப்பிக்கின்றன. வெளித்தளங்களில் இருப்பது எங்கிருந்தோ சேகரித்தது. இணைந்துபோன வங்கியின் பழைய பெயரை இன்னும் காட்டும் தளங்கள் உண்டு, 8 இலக்கத்தைக் கண்டுகொள்ளாத தளங்களும் உண்டு. எந்தத் தளத்திலும் முழு எண்ணைத் தட்டாதீர்கள். 6 அல்லது 8 இலக்கத்துக்கு மேல் கேட்கும் தளத்துக்கு வழி கண்டுபிடிப்பது நோக்கமாக இருக்க முடியாது.

தம்பி விஷயத்தில் செய்ய வேண்டியது: கார்டு கொடுத்த வங்கியிடம் ஒருமுறை கேளுங்கள், அந்த நேரத்தில் அந்தத் தொகைக்கு முயற்சி எதுவும் வந்ததா என்று. இல்லை என்றால் கடைக்காரரிடம் தோல்விச் சீட்டின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் டெர்மினல் எண், தேதி, நேரம், அந்தப் பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் 12 இலக்க ஆர்ஆர்என் எண் இருக்கும், பதில் குறியீடும் பல இயந்திரங்களில் அச்சாகும். கடைக்காரர் அந்த விவரங்களோடு தன் இயந்திரத்தைக் கொடுத்த வங்கியின் உதவி எண்ணுக்குப் புகார் கொடுக்க வேண்டும், நீங்கள் கொடுத்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புகாரில் "கார்டு ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால் இயந்திரத்தை மாற்றித் தந்துவிட்டுப் போய்விடுவார்கள். கார்டின் முதல் 8 எண்ணையும், மற்ற வங்கி இயந்திரங்களில் அதே கார்டு ஓடுகிறது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு விவரமும் இருந்தால் புகார் ஸ்விட்ச் குழுவின் மேசைக்கு வரும். பழைய 6 இலக்க வரிதான் காரணம் என்றால், அதை அவர்கள் டேபிளில் தேடிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.